வீரப்பனைப் பற்றி இரண்டு தொடர்கள்: எதை, எப்படிப் பார்ப்பது?

"வீரப்பன் பத்தி நெட்ஃபிளிக்ஸ்ல ஒண்ணு, ஜீ5-ல ஒண்ணுன்னு ரெண்டு டாக்குமெண்டரி சீரிஸ் இருக்கு. எதை நம்பலாம்? வேளச்சேரில சின்ன ஃபிளாட், ஹால்ல ஒரே டிவி, அம்மாவும் பத்தாவது படிக்கிற தம்பியும் கூடவே இருப்பாங்க. பொதுவா இந்த மாதிரி சீரிஸை எப்படித் தேர்ந்தெடுக்கறது?"

கேமராவுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டுமே 2023-இல் வந்தவை. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' நான்கு பகுதிகள் கொண்டது. வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி, அவரைத் தேடிய அதிகாரிகள், செய்தியாளர்கள் என்று பலருடைய பேட்டிகளைக் கோத்து எடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் ஜீ5-இல் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' தொடருக்கு முதுகெலும்பே வேறு. நக்கீரன் இதழ்க்காரர்கள் காட்டுக்குள் போய் எடுத்த வீடியோக்களில் வீரப்பனே தன் கதையைச் சொல்கிறார்.

இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது. கிடைத்தற்கரிய காட்சி கையில் இருந்தால் எந்த இயக்குநரும் அதை முழுதாகப் பயன்படுத்தத்தான் பார்ப்பார். பேசுகிறவருக்கு நேரம் கிடைக்கும். அவரால் செத்துப்போனவருக்குக் கிடைக்காது. இதனால் தொடர் பொய்யாகிவிடாது. வீரப்பன் ஏன் செய்தேன் என்று சொல்வதை அவருடைய வாக்குமூலமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, எங்கே, யார் இறந்தார்கள் என்று அவர் சொல்வதை வெளியே சரிபார்க்க முடியும். எதிர்ப்பக்கத்துக்கும் இதுவே அளவு. ஓய்வுபெற்ற அதிகாரி தன் வேட்டையைப் பற்றிச் சொல்வதும் ஒரு வாக்குமூலம்தான். காக்கிச்சட்டை போட்டிருந்தார் என்பதற்காக அதற்குக் கூடுதல் எடை கிடையாது.

சரிபார்க்க எல்லாச் சம்பவமும் வேண்டாம், ஒன்று போதும். வீரப்பன் கும்பல் நடத்திய பாலாறு குண்டுவெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி நடந்தது, 22 பேர் இறந்தார்கள். பேச்சுவாக்கில் இதை "22 போலீஸ்காரங்க செத்தாங்க" என்றே சொல்லிவிடுவார்கள். அது தவறு. போலீஸாரோடு வனக் காவலர்களும், தகவல் சொல்வதற்காக வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். சீருடை இல்லாத அந்த ஆட்களைத் தொடர் தனியாகச் சொல்கிறதா, இல்லை '22' என்ற எண்ணோடு கடந்துவிடுகிறதா என்று கவனியுங்கள்.

அந்த வழக்கு என்ன ஆனது என்பது அடுத்த கேள்வி. நான்கு பேருக்கு மைசூரு தடா நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. கருணை மனுவை முடிவு செய்ய ஆண்டுக்கணக்கில் தாமதமானதைக் காரணம் காட்டி, 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மறுபடியும் ஆயுளாகக் குறைத்தது. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு கதை முடிந்துவிட்டதாகத் தோன்றினால், பார்த்த தொடர் இந்தப் பகுதியை விட்டுவிட்டது என்று அர்த்தம். தீர்ப்புகளை indiankanoon.org தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். முழுத் தீர்ப்பையும் படிக்கத் தேவையில்லை. வழக்கின் சுருக்கம் முதல் சில பத்திகளில் வந்துவிடும்.

இன்னொரு உரைகல் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை. விசாரணை என்ற பெயரில் மலைக்கிராமத்து மக்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகார்களை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கையை வைத்து 2007-இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது. தமிழில் இந்தக் கதையைச் சொல்ல வருகிற யாருக்கும் இது தெரியாமல் இருக்க வழியில்லை. அப்படியும் ஒரு தொடரில் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை என்றால், யாருடைய தயவில் பேட்டிகள் கிடைத்தன என்று கேட்டுப் பார்க்கலாம்.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை பதுக்கலைத் தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரையும் 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எவ்வளவு பேரைப் பேட்டி எடுத்தாலும் இப்படி இரண்டு நீதிமன்றங்களில் நிலைத்த உண்மைக்கு ஈடாகாது. இதை வெறும் 'குற்றச்சாட்டு' என்று சொல்லும் தொடர் பின்தங்கியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களை மதிக்கிறதா என்பதை அளக்க மிக எளிய வழி கடிகாரம். முதல் பகுதியின் முதல் இருபது நிமிடத்தை ஓடவிட்டு, கொன்றவரின் முகமும் குரலும் எத்தனை நிமிடம், கொல்லப்பட்டவரின் வீட்டார் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீசையும் துப்பாக்கியும் மெதுவாக நகரும் காட்சியில் பின்னணி இசையோடு வந்துகொண்டே இருக்க, இறந்தவர் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு போய்விட்டால், அது சினிமா ஹீரோவின் அறிமுகக் காட்சி. பிறகு கடைசிப் பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். சஸ்பென்ஸ் போய்விடுமே என்று நினைக்காதீர்கள். இன்னொருவர் வீட்டுச் சாவில் நமக்கு சஸ்பென்ஸ் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, யார் பேச மறுத்தார்கள், யாரிடம் கேட்டும் பதில் வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் எழுத்தில் வரும்.

பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடச் சட்டம் தடை போடுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆம் பிரிவு. இறந்துபோனவருக்கும் இது பொருந்தும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, வீட்டு வாசலையும் தெருவையும் அப்பாவின் பெயரையும் காட்டும் தொடர் சட்டத்தின் நோக்கத்தையே உடைக்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

பேட்டியை வெட்டி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், ஆனால் பழகிவிடும். இதற்கு உலகறிந்த உதாரணம் 2015-இல் அமெரிக்காவின் எச்பிஓவில் வந்த 'தி ஜிங்க்ஸ்'. கோடீஸ்வரர் ராபர்ட் டர்ஸ்ட் சட்டையில் மைக் இருப்பதை மறந்து கழிப்பறையில் தனக்குத்தானே பேசுகிறார். "நான் என்னதான் செய்துவிட்டேன்? எல்லாரையும் கொன்றேன், வேறென்ன" என்பதுபோல் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வந்து தொடர் முடியும். முழுப் பதிவின் எழுத்து வடிவம் 2019-இல் நீதிமன்றம் வழியாக வெளிவந்தபோது, அவை அடுத்தடுத்துச் சொல்லப்பட்டவை அல்ல என்று தெரிந்தது. 'கொன்றேன்' என்ற வரி முன்னாலேயே வந்துவிடுகிறது. நடுவில் வேறு என்னென்னவோ முணுமுணுத்த பிறகுதான் 'என்ன செய்துவிட்டேன்' வருகிறது. வரிசையை மாற்றியதால் தன்பாட்டில் முணுமுணுத்தது கேள்வியும் பதிலுமாக ஆகிவிட்டது. அவருக்கு 2021-இல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது உண்மை. குற்றவாளி என்பது சரியாக இருந்தும் காட்டிய விதம் தவறாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் இதை எப்படிப் பிடிப்பது? ஒருவர் முக்கியமான வரியைச் சொல்லும் நேரத்தில் திரையில் அவர் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். சரியாக அந்த வரிக்கு மட்டும் காடு, மழை, பழைய செய்தித்தாள் என்று காட்சி மாறினால், குரலை அங்கே ஒட்டியிருக்கலாம். வெட்டிய எல்லா இடமும் மோசடி இல்லை. ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து யாரையும் முடிவு கட்டாதீர்கள். கூடவே, டப்பிங்கை அணைத்து மூல ஒலியில் வைத்து, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். "அப்படித்தான் நினைக்கிறேன்", "யாரோ சொன்னாங்க" என்று பேசுகிறவர் இழுப்பது டப்பிங்கில் எளிதாகக் காணாமல் போகும். முத்துலட்சுமி தமிழில் பேசுவதை அவர் குரலிலேயே கேட்க முடிகிற நமக்கு ஆங்கில டப்பிங் எதற்கு?

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வரும் தொடர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் கூடத்தாயி மரணங்களைப் பற்றிய 'கறி அண்ட் சயனைடு' 2023 டிசம்பரில் வந்தது. ஆறு மரணங்கள், 2019-இல் கைது. தொடர் வந்தபோது விசாரணை முடியவில்லை. அப்படிப்பட்டதைப் பார்த்தால் 'கொலைகாரி' என்று பேசத் தொடங்காமல் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற இடத்திலேயே நில்லுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருந்து பார்ப்பது இன்னும் நல்லது.

இனி உங்கள் ஹால். தொடர் ஆரம்பிக்கும்போது திரையின் மூலையில் U/A 13+, U/A 16+, A என்று ஒரு குறியீடும் பக்கத்தில் காரணமும் வரும். தம்பிக்குப் பதினாறு ஆகாதவரை 16+ என்று இருந்தால் அவன் தூங்கிய பிறகோ ட்யூஷன் போன நேரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குறியீடு பெரும்பாலும் ரத்தம், கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி போன்றவற்றைத்தான் எச்சரிக்கும். சித்திரவதைப்பட்ட ஒரு அம்மா அமைதியாக உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது ரத்தத்தைவிடக் கனமானது, அதற்குக் குறியீடு இல்லை. வீரப்பன் கதையில் மனதை அழுத்தப்போவது அந்தச் சாட்சியங்கள்தான். உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்த, பிரவுசரில் கணக்குக்குள் போய், உங்கள் ப்ரொஃபைலின் Playback settings-இல் Autoplay next episode என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வீட்டில் யாரையாவது தற்கொலையில் இழந்திருந்தால், டெல்லி புராரியில் ஒரே குடும்பத்தில் 11 பேர் இறந்ததைப் பற்றிய 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்' போன்றவற்றை, எவ்வளவு பொறுப்பாக எடுத்திருந்தாலும், அவர்கள் இருக்கும்போது போடாதீர்கள். பார்த்த பிறகு தூக்கம் கெட்டு, அதே காட்சி சில நாளாகியும் திரும்பத் திரும்ப வந்தால் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

வரிசை கேட்டால், முதலில் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்'. பல குரல்கள் இருப்பதால் சம்பவங்களின் காலவரிசை பிடிபடும். சில நாள் இடைவெளி விட்டு 'கூச முனிசாமி வீரப்பன்'. இரண்டுக்கும் நடுவே வாச்சாத்தித் தீர்ப்பைப் பற்றிய 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் தேடிப் படித்துவிடுங்கள்.