டியூரெல் கேள்வித்தாளின் தமிழ் வடிவம்: திரும்ப மொழிபெயர்த்த பின் என்ன சோதிக்க வேண்டும்?

கேள்வி: ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் இலங்கைத் தமிழரிடம் கொடுக்க, சமய ஈடுபாட்டை ஐந்து கேள்விகளில் அளக்கும் டியூரெல் கேள்வித்தாளைத் தமிழாக்கினோம். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றியபோது மூலத்தோடு அப்படியே பொருந்துகிறது. இது போதுமா?

போதாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம்தான் திரும்பும்போது மிகச் சுத்தமாகத் திரும்பும். டியூரெலின் மூன்றாம் கேள்வி, வாழ்க்கையில் கடவுள் உடன் இருப்பதை உணர்வது பற்றியது. அதை 'தெய்வப் பிரசன்னத்தை அனுபவிக்கிறேன்' என்று எழுதினால் மூலம் அப்படியே திரும்பி வரும். ஆனால் 'பிரசன்னம்' தேவாலயத்தில் வளர்ந்தவருக்குப் பழகிய சொல். சைவக் குடும்பத்து அம்மா சோதிடரிடம் பிரசன்னம் பார்ப்பதை நினைக்கலாம், சாமி வருவதை நினைக்கலாம். இருவர் பெறும் மதிப்பெண்ணும் ஒரே பொருளை அளக்காது. 'கடவுள் என்னோடு இருப்பதை உணர்கிறேன்' என்பது இரு தரப்புக்கும் பொதுவாக நிற்கும்.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க நல்ல வழி, கேள்வித்தாளை நிரப்பப் போகிறவர்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது. சைவர், கத்தோலிக்கர், புலம்பெயர் மண்ணில் பிறந்த தலைமுறை என ஒவ்வொரு தரப்பிலும் எட்டுப் பத்துப் பேர் போதும். பாதிப் பேரோடு பேசித் திருத்திவிட்டு, மீதிப் பேரோடு திருத்திய வடிவத்தைச் சோதியுங்கள். 'கேள்வி புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'ஓம்' என்பார்கள். பதில் சொன்ன பிறகு, 'கடைசியாக அப்படி உணர்ந்தது எப்போது? அப்போது என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் நிகழ்ச்சியில் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வியை இப்படிச் சோதித்தால் என்ன வரும் என்று பாருங்கள். மூலம் தேவாலயம் அல்லது பிற சமயக் கூடுகைகளுக்கு எவ்வளவு அடிக்கடி போகிறீர்கள் என்று கேட்கிறது. 'மதக் கூட்டங்கள்' என்று எழுதினால் பலர் மேடைப் பிரசங்கத்தை நினைத்து 'ஒருபோதும் இல்லை' என்பார்கள். 'கோயில், தேவாலயம், பள்ளிவாசல் போன்ற இடங்களுக்கு வழிபாட்டுக்காக' என்று எழுதுங்கள். 'வழிபாட்டுக்காக' என்பது அவசியம். பிள்ளையை நடன வகுப்புக்கு விடக் கோயில் மண்டபத்துக்குப் போவதையும் சிலர் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் திருவிழா. ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் போன்ற இடத்துத் திருவிழாவுக்கு எல்லா நாளும் போய்விட்டு, மற்ற மாதங்களில் எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை போகிறவர் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? ஒருவர் 'வருடத்தில் சில முறை' என்பார், இன்னொருவர் நாட்களைக் கூட்டி வகுத்து 'மாதத்தில் சில முறை' என்பார். வழக்கமான மாதத்தை வைத்துக் குறிக்கும்படி வழிகாட்டிக் குறிப்பில் எழுதி, திருவிழா வருகையை மதிப்பெண்ணில் சேராத தனிக் கேள்வியாகக் கேளுங்கள். துடக்குக் காலத்தில் இருப்பவரும் அந்த மாதத்தை வைத்துப் பதில் சொல்லாமல் இருக்க இது உதவும்.

இரண்டாம் கேள்வி தனிப்பட்ட வழிபாடு பற்றியது. மூலத்தில் உதாரணங்களாகப் பிரார்த்தனை, தியானம், வேதாகம வாசிப்பு வருகின்றன. சைவருக்கு விளக்கேற்றுதல், தேவாரம் ஓதுதல் என மாற்றலாம். இங்கேதான் 'நீங்கள்' தடுமாற வைக்கும். மரியாதைக்கும் பன்மைக்கும் அதே சொல் என்பதால், அம்மா தினமும் விளக்கேற்றும் வீட்டுப் பையன் வீட்டுக் கணக்கையே சொல்லி 'தினமும்' என்று குறிப்பான். 'வீட்டில் மற்றவர்கள் செய்வதைச் சேர்க்காமல், நீங்கள் தனியே' என்று சேர்த்தால் சரியாகும்.

கடைசி மூன்று கேள்விகளின் பதில் வரிசையையும் பாருங்கள். நடுவில் 'நிச்சயமில்லை', ஓரத்தில் 'நிச்சயமாக உண்மையில்லை' என்று இருந்தால், வேகமாகப் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். மொழிபெயர்ப்பாளர் நிதானமாகப் படிப்பதால் அவர் கண்ணில் படாது. 'சொல்லத் தெரியவில்லை', 'எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது' என்று பிரித்துவிடுங்கள். தமிழ் வாசிக்கத் திணறும் இளையவர்களுக்கு ஜெர்மன் வடிவத்தையும் கொடுத்து, எதை நிரப்பினார்கள் என்று பதிவு செய்யுங்கள்.

இதற்குப் பிறகுதான் எண்கள். ஐம்பது பேரிடம் இரண்டு வார இடைவெளியில் இருமுறை கொடுங்கள். முதல் இரண்டும் ஒற்றைக் கேள்விகள் என்பதால், அவற்றுக்கு எடையிட்ட கப்பா மூலம் இருமுறைப் பதில்களின் ஒப்புமையைப் பார்க்கலாம். க்ரோன்பாக் ஆல்ஃபா கடைசி மூன்றுக்கு மட்டுமே பொருந்தும். ஆல்ஃபா உயர்ந்திருந்தால் மூன்றும் சேர்ந்து நகர்கின்றன என்று மட்டுமே பொருள், சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டன என்று அல்ல. ஐந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள். டியூரெல், முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, கடைசி மூன்று கேள்விகள் என மூன்று துணை அளவைகளாகத் தனித்தனியே பகுப்பாய்வு செய்ய வகுக்கப்பட்டது. கோயில் தொலைவில் உள்ள ஊரில் வாழ்பவருக்கு முதல் எண் குறைந்தும் மற்றவை உயர்ந்தும் இருக்கலாம், கூட்டினால் அது மறைந்துவிடும்.