பிரௌசிங் சென்டரில் விபிஎன் எதைக் காக்கும், எதைக் காக்காது?

"என் மடிக்கணினி பழுதாகிவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடவும், மின்னஞ்சலில் இருக்கும் சான்றிதழ்களை எடுக்கவும், கட்டணம் செலுத்தவும் மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போகிறேன். குரோமில் இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும், யாராலும் எதையும் பார்க்க முடியாது என்கிறான் என் தம்பி. வங்கிக் கணக்கையும் அங்கேயே திறக்கலாமா?"
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

வங்கிக் கணக்கை அங்கே திறக்க வேண்டாம். விபிஎன் இருந்தாலும் வேண்டாம். உங்கள் தம்பி சொல்வது சொந்த மடிக்கணினியோடு ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு பொருந்தும். அவருக்கு இணைப்பு மட்டும்தான் அந்நியருடையது. உங்களுக்கோ கணினியே அந்நியருடையது.

கடவுச்சொல்லின் ஓர் எழுத்தை நீங்கள் தட்டியதும் அது விசைப்பலகைக் கம்பி வழியாக சிபியுவுக்குள் போகிறது. அங்கே விண்டோஸ் அதை வாங்கி குரோமிடம் ஒப்படைக்கிறது. முகவரி https என்று தொடங்கினால், குரோமே அதைக் குறியாக்கம் செய்துதான் வெளியே அனுப்பும். விபிஎன் அதற்கும் பிறகுதான் வருகிறது; ஏற்கெனவே உறையிட்டதற்கு மேல் இன்னோர் உறை போடுகிறது. அந்த இரண்டாவது உறையால் கிடைக்கும் லாபம், நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கடையின் ரவுட்டருக்கோ இணைய நிறுவனத்துக்கோ தெரியாமல் போவது. அவ்வளவுதான். கடவுச்சொல்லைத் திருட நினைப்பவன் ரவுட்டர் வரை போவதில்லை. விசைப்பலகைக்கும் குரோமுக்கும் நடுவிலேயே காத்திருக்கிறான்.

அங்கே காத்திருப்பதன் பெயர் கீலாகர். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் சிறு மென்பொருள் அது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அதே கணினியில் உங்களுக்கு முன்பு உட்கார்ந்தவர் திருட்டு மென்பொருளோடு சேர்த்து அதை இறக்கிவிட்டுப் போயிருப்பார். விரல்நுனி அளவில் வன்பொருளாகவும் கிடைக்கிறது. சிபியுவின் பின்புறம் விசைப்பலகை யுஎஸ்பியும் துளையும் சேருமிடத்தில் தேவையில்லாத ஒரு துண்டு நடுவே செருகியிருந்தால் அந்த இருக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் அதைக் கண்டுபிடிக்காது. வங்கித் தளங்களில் திரையிலேயே எழுத்துகளைச் சொடுக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். மௌஸைச் சொடுக்கும்போதெல்லாம் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளும் இருக்கிறது.

ஓடிபி என் கைப்பேசிக்குத்தானே வருகிறது என்ற தைரியமும் பாதிதான் சரி. ஓடிபி உள்ளே நுழைய மட்டும் உதவும். நுழைந்த பிறகு, 'இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்' என்பதற்கு அடையாளமாக அந்தத் தளம் குரோமில் ஒரு சிறு குக்கியை வைக்கிறது. கணினியில் இருக்கும் திருட்டு மென்பொருள் அதைப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டால், வேறு ஊரில் இருப்பவன் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் மின்னஞ்சலுக்குள் உட்காரலாம். இன்காக்னிட்டோ சன்னலை மூடினால் குக்கி அழியும் என்பது உண்மை. மூடும் வரை அது அங்கேதான் இருக்கும். பிரதி எடுக்க அந்த நேரம் தாராளம். இறக்கிய சான்றிதழ்கள் சன்னலை மூடினாலும் Downloads கோப்புறையில் அப்படியே கிடக்கும்.

அந்த இலவச விபிஎன் விஷயத்துக்கு வருவோம். குரோமில் சேர்க்கும்போது Read and change all your data on all websites என்று அனுமதி கேட்கும் நீட்சிகள் இவற்றில் நிறைய. நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அதற்கு உரிமை தருகிறீர்கள் என்று பொருள். ரவுட்டருக்குப் பயந்து, பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தைப் பக்கத்துக்குள்ளேயே அழைத்துவருவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், தனியாக அனுமதி கொடுக்காவிட்டால் நீட்சிகள் இன்காக்னிட்டோ சன்னலில் இயங்குவதே இல்லை. விபிஎன் போட்டாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பலர் வெறுமனே உலாவிக்கொண்டிருப்பார்கள். அது வேலை செய்தாலும் தொல்லை உண்டு: நீங்கள் வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் தெரிவதால், கூகுள் கூடுதல் சரிபார்ப்பு கேட்கலாம், வங்கி நுழைவையே தடுக்கலாம்.

கடையில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் என்பதும் நடக்காது. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி கடைக்காரர் உங்கள் அடையாள ஆவணத்தைப் பார்க்க வேண்டும், பயன்படுத்திய விவரத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, தடுப்பில்லாத இடத்தில் திரை பொதுவெளியைப் பார்த்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பின்னால் நிற்பவர் உங்கள் திரையைப் பார்ப்பதற்குச் சட்டமே வழிசெய்து வைத்திருக்கிறது!

சரி, உங்கள் வேலையை எப்படி முடிப்பது? கையில் இருக்கும் கைப்பேசிதான் உங்களுடைய கணினி. மின்னஞ்சலை அதில் மட்டும், கைப்பேசியின் சொந்த டேட்டாவில் திறந்து சான்றிதழ்களை இறக்குங்கள். விண்ணப்பத்தின் நீண்ட படிவத்தைக் கடைக் கணினியில் நிரப்பலாம். அதற்கான கடவுச்சொல் வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். படிவம் முடிந்ததும் வெளியேறி, பேருந்து ஏறும் முன்பே கைப்பேசியில் அதை மாற்றிவிடுங்கள். கடைக் கணினியில் கார்டு எண்ணைத் தட்டவே வேண்டாம். கட்டணத்தைக் கைப்பேசியிலிருந்தே செலுத்துவது நல்லது. கடைத் திரையில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்வதாக இருந்தால், பின் எண் போடும் முன் கைப்பேசியில் வரும் பெறுநர் பெயரையும் தொகையையும் படித்துப் பாருங்கள். கெட்டுப்போன கணினியால் திரையில் வேறொரு க்யூஆரைக் காட்ட முடியும்.

அச்செடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பிரின்ட் போட்டுத் தர்றேன்" என்பார் கடைக்காரர். அனுப்பினால் உங்கள் ஆதார் அவர் கைப்பேசியிலும் கடைக் கணினியிலும் தங்கிவிடும். வாட்ஸ்அப்பை நீங்களே கடைக் கணினியில் இணைப்பது அதைவிட மோசம். பிறகு 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அதைத் துண்டிக்காதவரை உங்கள் உரையாடல்கள் அங்கே திறந்திருக்கும். அந்த ஒரு கோப்பை மட்டும் வெற்று பென் டிரைவில் கொண்டுபோங்கள். பல கைப்பேசிகளில், பென் டிரைவைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பியால் நேரடியாகப் பிரதி எடுக்கலாம். ஆதார் எண் முழுதும் கட்டாயம் இல்லாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அங்கே மின்னஞ்சலைத் திறந்துவிட்டீர்கள் என்றால், கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Your devices பட்டியலைப் பார்த்து, தெரியாத கணினியை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியேற்றினால் திருடப்பட்ட குக்கியும் செல்லாததாகிவிடும். கடைக் கணினியில் உட்கார்ந்துகொண்டே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் போய்விடும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேறு கணினியில் செருகிப் பார்க்கும்போது, கோப்புகளும் கோப்புறைகளும் வளைந்த அம்புக்குறியோடு தெரிந்தால் அவற்றைச் சொடுக்க வேண்டாம். கடைக் கணினியிலிருந்து தொற்றிய ஷார்ட்கட் வைரஸின் அடையாளம் அது. மூலக் கோப்பு கைப்பேசியில் இருக்கிறது. பென் டிரைவைத் தயங்காமல் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.