பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு: கை முதலில் எங்கே போக வேண்டும்?

"நர்சிங் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரசவத்துக்கு அப்புறம் வரும் இரத்தப்போக்கு பற்றிய கேள்விகளில் நாலு விடையும் சரியாகத்தான் தெரிகிறது. ‘முதலில் என்ன செய்வீர்கள்’ என்றால் எதை வைத்து முடிவு செய்வது?"

கேள்விக்குள் கருப்பையைத் தொட்டால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

பிரசவ அறையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது வகுப்பெடுக்கிறேன். மாணவிகளுக்கு நான் கொடுக்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது பிரசவம், குழந்தை 4.1 கிலோ. நஞ்சு முழுதாக வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, அதாவது நான்காம் கட்டம். கால் மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்துவிட்டது. கருப்பை தொளதொளவென்று இருக்கிறது. தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. பல்ஸ் 112, பிபி 108/70. விடைகள்: டாக்டருக்குச் சொல்வது, கருப்பையை மசாஜ் செய்வது, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, பிபியை மறுபடி பார்ப்பது.

விடை மசாஜ். நஞ்சு பிரிந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை நார்கள் இறுகினால்தான் குழாய்கள் நெரிபட்டு மூடும். நிறைமாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி இரத்தம் கருப்பைக்குப் போகிறது. தசை தளர்ந்து கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு போகக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தசையை அந்த நொடியிலேயே இறுக வைக்க உங்கள் கையால் முடியும். ஒரு கையைப் பூப்பெலும்புக்குச் சற்று மேலே வைத்துக் கருப்பையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அதன் உச்சியை வட்டமாகத் தேய்க்க வேண்டும். கீழே தாங்காமல் மேலிருந்து அழுத்தினால் கருப்பை உள்வெளியாகப் புரண்டுவிடும் ஆபத்து உண்டு. தேய்த்தபடியே உதவிக்குக் குரல் கொடுங்கள். தாயை விட்டுவிட்டுப் போனைத் தேடி ஓடக் கூடாது.

அப்புறம் சிறுநீர்ப்பை. கருப்பை மேலேறி வலப்பக்கம் ஒதுங்கினால், நிறைந்த சிறுநீர்ப்பை அதைத் தள்ளுகிறது என்று பொருள். அது காலியாகாவிட்டால் தேய்த்து இறுக்கிய கருப்பை கொஞ்ச நேரத்தில் மறுபடி தளரும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதே கேள்வியில் ‘கருப்பை கெட்டியாக இருக்கிறது, ஆனால் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, இரத்தப்போக்கு மிதம்’ என்று போட்டிருந்தால் விடை மாறிவிடும்: முதலில் தாயைச் சிறுநீர் கழிக்கச் சொல்வீர்கள், முடியாவிட்டால் கத்தீட்டர்.

கருப்பை கெட்டியாக, நடுவில் இருந்தும் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் விடாமல் கசிகிறது என்றால் பிறப்புப் பாதையில் கிழிசலைச் சந்தேகியுங்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது நிற்காது. டாக்டர் பார்த்துத் தையல் போட வேண்டியது, அதனால் இங்கே அவரை அழைப்பதே சரியான விடை.

குழந்தையின் இதயத்துடிப்புக் கேள்விகளுக்கும் இதே வழிதான். ஆக்சிடோசின் சொட்டு ஓடும்போது, ஒவ்வொரு வலியின் உச்சத்துக்குப் பிறகு துடிப்பு தாமதமாக இறங்கித் தாமதமாக ஏறினால், சொட்டை நிறுத்தித் தாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பிபியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் உடலில் இரத்த அளவு கூடியிருப்பதால் நிறைய இழந்த பிறகும் பிபி தாங்கி நிற்கும். பல்ஸ்தான் முன்னால் ஏறும். 108/70 என்பதைப் பார்த்து யாரும் நிம்மதி அடையக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில் நான் அப்படி ஒருமுறை நிம்மதி அடைந்தேன். பேடில் இருந்தது கொஞ்சம்தான், பிபியும் நன்றாக இருந்தது, குறித்துவிட்டு நகர்ந்தேன். மூத்த சிஸ்டர் வந்து தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது முதுகுக்கு அடியில் விரிப்பு முழுக்க ஊறிக் கிடந்தது. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பார்க்காமல் நான் எதையும் குறித்ததில்லை. அளவு தெரிய வேண்டுமானால் நனைந்த பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. 500 மில்லியைத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அது பிரசவத்துக்குப் பிந்தைய மிகை இரத்தப்போக்கு.

ஆனால் பிபியே முதல் விடையாகிற இடமும் ஒன்று இருக்கிறது. மசாஜும் ஆக்சிடோசினும் போதாமல் டாக்டர் மெத்தர்ஜின் 0.2 மில்லிகிராம் தசையில் போடச் சொல்கிறார், போடும் முன் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால், பிபிதான். அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிபி உயர்ந்திருக்கும் தாய்க்கு அதைப் போடக் கூடாது. அதே இடத்தில் கார்போப்ரோஸ்ட் என்று எழுதியிருந்தால், தாய்க்கு ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.