லாரியை முந்த எத்தனை கல் தூரம் வேண்டும்?

"சார், வாரத்தில் மூன்று நாள் சேலத்திலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக அரூருக்கு 125 சிசி பைக்கில் போய் வருகிறேன். இருவழிச் சாலையாக இருக்கும் இடங்களில் லாரியை முந்தும்போது வண்டி ஆடுகிறது, லாரிப் பக்கமே இழுக்கிறது. எதிரே பஸ் எவ்வளவு தூரத்தில் இருந்தால் முந்தலாம்? நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?"

முதலில் தூரம். லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 70-ல் முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாரியை விட நீங்கள் விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான் கூடுதலாக நகர்கிறீர்கள். லாரி 12 மீட்டர் நீளம். அதற்குப் பின்னால் 20 மீட்டரில் தொடங்கி, முன்னால் 20 மீட்டர் போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் பைக்கின் நீளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 54 மீட்டர். அதற்குப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியில் நீங்கள் சாலையில் 195 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 70-ல் வரும் பஸ்ஸும் அதே 195 மீட்டர் ஓடி வந்திருக்கும். முந்தி முடித்த பிறகும் இடையில் 80 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கூட்டினால் 470 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர்.

சாலையில் இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். எதிரே வரும் பஸ் இரண்டரைக் கல் தூரத்துக்கு அப்பால் இருந்தால்தான் முந்தலாம். கல் தெரியாத இடத்துக்கு நான் கற்றுக்கொடுப்பது எண்ணும் பழக்கம். ஒரு வாரம் யாரையும் முந்தாமல் லாரியின் பின்னால் 50-ல் போங்கள். எதிரே பஸ் தெரியும்போது, "இப்போது முந்தலாம்" என்று மனதுக்குப் பட்ட நொடியிலிருந்து எண்ண ஆரம்பியுங்கள். பதினைந்து எண்ணுவதற்குள் பஸ் உங்களைக் கடந்துவிட்டால் உங்கள் கணிப்பு தப்பு. பெரும்பாலானவர்கள் எட்டு, ஒன்பதிலேயே தோற்றுவிடுவார்கள். நேர் எதிரே வரும் வண்டி வெகு நேரம் ஒரே அளவில் தெரிந்து, பக்கத்தில் வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகும். அதனால் அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. பத்து முறை எண்ணிப் பார்த்தால் கண் திருந்திவிடும்.

இன்னொரு விஷயம். அந்தப் பத்து விநாடிக் கணக்கு, நீங்கள் வலப்பக்கம் இறங்கும்போதே 70-ல் இருந்தால்தான் பொருந்தும். லாரியின் வாலை ஒட்டிப் போய், 50-லிருந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் 125 சிசி வண்டி 70-ஐத் தொடவே நான்கைந்து விநாடி தின்றுவிடும். அதனால் 40 மீட்டர் பின்தங்கியே போங்கள். அங்கிருந்து சாலை நன்றாகத் தெரியும், டிரைவரின் கண்ணாடியில் நீங்களும் தெரிவீர்கள். எதிரே வந்த கடைசி வண்டி லாரியைக் கடந்து உங்களை நெருங்கும்போது உங்கள் தடத்திலேயே வேகம் பிடியுங்கள். அது உங்களையும் தாண்டி, அதன் பின்னால் சாலை காலி என்று கண்ணால் பார்த்த பிறகு வெளியே வாருங்கள். காலியில்லை என்றால் பிரேக் பிடிக்க அந்த இடைவெளி இருக்கிறது.

வண்டி ஆடுவதற்கு வருவோம். லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் வெற்றிடம் போல ஒன்று உண்டாகிறது. அங்கே காற்று சுழன்று அடிக்கும், ஹெல்மெட் குலுங்கும். பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தச் சுழலை நோக்கிப் போகும் காற்று உங்களையும் லாரிப் பக்கம் இழுக்கும். நீங்கள் சொல்லும் இழுவை இதுதான். ஆனால் கேபினைத் தாண்டும்போது கதை தலைகீழாகிவிடும். லாரியின் முகம் ஒதுக்கித் தள்ளும் காற்று உங்களை வலப்பக்கம் தள்ளும். இழுவையைச் சமாளிக்க ஹேண்டில்பாரை வலது பக்கம் அழுத்திக்கொண்டே போனவர், கேபினைத் தாண்டியதும் எதிர்த் தடத்தின் ஓரத்துக்கே போய்விடுவார். முழங்கையைத் தளர்த்தி, முட்டியால் டேங்கைப் பிடித்து, கொஞ்சம் குனிந்து, ஆக்சிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். வண்டி தானே நேராகும். லாரிக்கும் உங்களுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி இருந்தால் இழுவை குறைவாகத் தெரியும்.

ஆடி மாதத்தில் இது இன்னும் கடுமை. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அரூர் போகும்போது உங்களுக்கு இடது பின்பக்கம் வரும். லாரியின் மறைவில் போகும் வரை அந்தக் காற்று படாது. கேபினைத் தாண்டிய நொடியில் அதுவும், லாரி தள்ளும் காற்றும் சேர்ந்து வலப்பக்கமே தள்ளும். காற்று பலமான நாளில் டாரஸ் லாரியையும் வைக்கோல் லோடையும் நான் முந்துவதே இல்லை. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதால் ஒன்றரை மீட்டர் இடைவெளியும் கிடைக்காது.

நடுவில் மாட்டிக்கொண்டால் இடம் எவ்வளவு என்று பாருங்கள். இருவழிச் சாலையின் தார் 7 மீட்டர். லாரியும் பஸ்ஸும் 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கும். இரண்டும் ஓரத்தை ஒட்டிப் போனாலும் நடுவில் மிஞ்சுவது 1.8 மீட்டர். உங்கள் ஹேண்டில்பார் 80 சென்டிமீட்டர். பக்கத்துக்கு அரை மீட்டர், அதுவும் இரண்டு பக்கமும் காற்று உலுக்கும் நேரத்தில். இடையில் புகுந்து போய்விடலாம் என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அப்படியானால் வழி? பின்வாங்குவதுதான். லாரியின் பின் சக்கரம் பக்கத்தில் இருக்கும்போது, முன்னால் போய் முடிக்க ஆறு விநாடி வேண்டும். இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்திப் பின்னால் வர மூன்று, நான்கு விநாடி போதும். நடுப்பகுதியிலும் பின்வாங்குவதே குறைந்த நேரம். டிரைவர் கதவைத் தாண்டிவிட்டால் மட்டும் முன்னேறி முடியுங்கள். ஆனால் நீங்கள் விட்டு வந்த இடம் காலியாக இருக்க வேண்டுமே! பின்னால் கார் ஒட்டிக்கொண்டு வந்தால், நீங்கள் வெளியே வந்ததும் அது அந்த இடத்தில் புகுந்துவிடும். அதனால் கிளம்புமுன் கண்ணாடியைப் பாருங்கள், ஒட்டி வருகிறவரை முதலில் போக விடுங்கள். லாரிக்கு முன்னால் இன்னொரு லாரி இருந்து, இரண்டுக்கும் இடையில் நீங்கள் நுழைய இடம் தெரியாவிட்டாலும் கிளம்பாதீர்கள்.

லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் சிலருக்கு "போ" என்று அர்த்தம், சிலருக்கு "வராதே" என்று அர்த்தம். சில நேரம் அவர் உண்மையிலேயே வலப்பக்கம் மரவள்ளிக்கிழங்கு ஏற்றத் தோட்டத்துக்குத் திரும்பப் போகிறார். அதை அனுமதியாக எடுக்காதீர்கள். பஸ் என்றால் நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கும்போது முந்தத் தோன்றும். படிக்கட்டு காலியாகிவிட்டதா, முன் சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் பஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம், பின்னாலேயே இருங்கள்.

மஞ்சவாடி ஏற்றத்தில் லோடு லாரி நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்து போகும், அப்போது முந்தத் தோன்றும். ஆனால் அங்கே வளைவுக்கு அப்பால் இரண்டரைக் கல் தூரம் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் கோடும் விடாமல் போட்டிருந்தால் முந்தவே கூடாது. கணவாய் முடியும் வரை பின்னால் போனால் சில நிமிடம் தாமதமாகும். அந்த நிமிடங்களை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள்.