ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலா?

கேள்வி: நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திக்குறிப்புகளைத் தமிழாக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறேன். ஒரே பக்கத்தில் ஸ்டீபன் என்றும் ஸ்டீஃபன் என்றும் வந்துவிடுகிறது. கம்பெனிப் பெயர்களிலும் இதே பாடுதான். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆள் பெயரை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அம்மா. பெயருக்கு உரியவர் தமிழில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ, அதுதான் சரி. நம் திருநெல்வேலிச் சீமையில் இது ரொம்ப முக்கியம். ஆங்கிலத்தில் ஒன்றாகத் தெரிகிற பெயர் ஒரு வீட்டில் ஜான், இன்னொரு வீட்டில் யோவான். உங்கள் ஊர் தூய சவேரியார் கல்லூரியைப் பற்றிய குறிப்பில், சேவியர் என்று எழுதுகிற பேராசிரியர் ஒருவர் வரலாம். இரண்டையும் அப்படியே விடுங்கள். ஒருமை என்பது ஒரே ஆளை, ஒரே நிறுவனத்தை எங்கும் ஒரே மாதிரி எழுதுவதுதான்.

இனிஷியலையும் கேட்டே எழுதுங்கள். ஆங்கிலக் குறிப்பில் இருக்கும் 'எஸ்' சுடலைமுத்துவா, செல்லையாவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர் 'சு.' என்று போடுகிறவராகவும் இருக்கலாம், 'எஸ்.' என்றே போடுகிறவராகவும் இருக்கலாம்.

கம்பெனிப் பெயருக்கு, அவர்களே தமிழில் வெளியிட்ட விளம்பரத்தையோ பொருளின் உறையையோ பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் முடிவுதான். ஆனால் எழுத்து வாரியாக முடிவு செய்யுங்கள். 'ஃப' போடுவதென்றால் மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் இரண்டிலும் போடுங்கள். ஒன்றில் 'ஃப', மற்றதில் 'ப' என்றால் கண்ணை உறுத்தும். ஸ்டீபன் தன்னை ஸ்டீபன் என்றே எழுதுகிறவர் என்றால், அவர் மட்டும் இந்த விதிக்கு வெளியே.

இதையெல்லாம் மொழிபெயர்க்க உட்காரும் முன்பே ஒரு தாளில் எழுதி, கம்பெனியின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூகுள் என்று முடிவு செய்தபின் 'கூகிள்' எங்காவது தங்கியிருக்கிறதா என்று முழுச் சொல்லாகத் தேடினால் போதாது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய், கூகிளின், கூகிளுக்கு என்று மாறிவிடும். அவை தேடலில் சிக்காது. 'கூகி' என்று மட்டும் தேடுங்கள், எல்லாம் வரும். மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 'ஸ்டீப' என்று தேடும்போது, உண்மையிலேயே ஸ்டீபன் என்று எழுதுகிற வேறொருவரும் அதே குறிப்பில் இருக்கலாம்.

சௌந்தர் மாதிரிப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலர் ஔகாரக் குறிக்குப் பதில் 'செ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சந்தேகம் வந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். 'ச' மிஞ்சினால் சரி. 'செ' மிஞ்சினால் அது தப்பாக அடித்தது. அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.