சுவரொட்டிக் கட்டங்களைப் பட்டியலாக்குவது

கேள்வி: கருத்தரங்கு சுவரொட்டியில் அரங்குகள் மேலே, நேரம் இடப்பக்கம். ஒன்றோடொன்று மோதும் அமர்வுகளை அரங்குவாரியாக எப்படி எழுதுவது?

ஓர் அரங்கின் பத்தியை மேலிருந்து கீழாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். தொடக்க நேரத்தைக் கட்டத்தின் மேல்கோட்டில் பாருங்கள். தலைப்பு நடுவில் அச்சாகியிருக்கும். பலரும் ஏமாறுவது அங்கேதான். 10:00 முதல் 11:30 வரை நீளும் பயிலரங்கின் பெயர் 10:45க்கு நேராக நிற்கும்.

அரங்கு 1
10:00–11:30 பயிலரங்கு
11:15–12:00 உரை (15 நிமிடம் மோதுகிறது)

இப்படி ஒரே அரங்கில் மோதினால் நீங்களாக நேரத்தைத் திருத்தாதீர்கள், குறித்து வைத்து ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். வெவ்வேறு அரங்குகளில் ஒரே நேரம் வந்தால் அது பிழையே அல்ல. இரண்டு பத்திகளில் பரவிய கட்டத்தை இரண்டு அரங்குகளின் கீழும் எழுத வேண்டும். அதனால் அப்படிப் பரவிய கட்டங்கள் எத்தனையோ, பட்டியலின் வரிகள் மொத்தக் கட்டங்களைவிட அத்தனை கூடுதலாக வரும். குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.