தையல் கூடத்தில் சிசிடிவி: கொள்கைத் தாளில் என்ன எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் 45 பேர் வேலை செய்யும் பின்னலாடை யூனிட் நடத்துகிறேன், பெரும்பாலோர் பெண்கள். சரக்கு காணாமல் போவதால் 8 கேமரா வைத்தோம். ‘முதலாளி போனில் எங்களையே பார்க்கிறார்’ என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எழுத்தில் ஒரு கொள்கை வேண்டும் என்கிறார்கள். அரசு அங்கீகாரத்தோடு தயாரித்துத் தர ஒரு கன்சல்டன்ட் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிசிடிவி கொள்கைக்கு அங்கீகாரம் வழங்கும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியக் கடமைகள் அமலாக அதற்கு மேலும் 18 மாதங்கள் தரப்பட்டன. சிறு முதலாளிக்குப் புரியும்படி ஒரு பக்க மாதிரியை அரசே வெளியிட்டிருந்தால் இப்படிப்பட்ட இடைத்தரகர்களுக்கு வேலையே இருந்திருக்காது. எல்லாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கச் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். வேலை தொடர்பான தேவைக்கும், நிறுவனத்துக்கு இழப்பு நேராமல் காக்கவும் சம்மதமின்றியே தரவைப் பயன்படுத்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று தெளிவாகத் தெரிவிப்பதுதான்.

நோக்கத்தை ‘பாதுகாப்புக்காக’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ‘சரக்குத் திருட்டு, தீ, இயந்திர விபத்து ஆகியவற்றைத் தடுக்கவும், நடந்தால் காரணம் அறியவும் மட்டும்; வேலை வேகத்தை அளக்கவோ கழிப்பறைக்குச் சென்ற நேரத்தைக் கணக்கிடவோ பயன்படுத்தமாட்டோம்’ என்று எழுதுங்கள். உங்கள் தொழிலாளர்களின் அச்சத்துக்கு அந்தக் கடைசி வரிதான் பதில்.

எட்டு கேமராவும் எங்கே இருக்கின்றன, எதை நோக்கி இருக்கின்றன என்று தாளில் வரிசையாகக் குறியுங்கள். உடை மாற்றும் அறையிலும் கழிப்பறையிலும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு நேர்வது நடைபாதைக் கேமராவில். கழிப்பறைக் கதவை முழுவதும் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். உள்ளே சிறிதளவு தெரிந்தாலும் கேமராவைத் திருப்புங்கள். பெண்ணொருவரை அந்த நிலையில் பார்ப்பதும் பதிவு செய்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

யார் பார்க்கலாம் என்ற பகுதியில் நீங்களும் மேற்பார்வையாளர் ஒருவரும் போதும். பார்த்த தேதி, காரணம், கையெழுத்து ஆகியவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். ஆனால் கேமரா பொருத்தியவர் தன் போனிலும் அதே ஆப்பை இணைத்து, அட்மின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அது அப்படியே இருக்கும்வரை நீங்கள் எழுதும் பெயர்ப் பட்டியலுக்குப் பொருளில்லை. ரெக்கார்டரின் பயனர் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத பெயர்களை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பில் இணைந்துள்ள மற்ற போன்களையும் அகற்றுங்கள். கேமராவில் மைக் இருந்தால் அணைத்துவிடுங்கள். திருட்டைப் பிடிக்கப் பெண்களின் பேச்சு தேவையில்லை.

‘30 நாள் பதிவு இருக்கும்’ என்று கேமரா பொருத்தியவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதிவிடாதீர்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓயாமல் பதிந்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி ஆகும். எட்டுக் கேமராவுக்கு ஏறத்தாழ 173 ஜிபி. 2 டிபி ஹார்டு டிஸ்க் 11 நாள் கடந்ததும் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். பிளேபேக்கில் கிடைக்கும் மிகப் பழைய தேதியைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான கணக்கு.

இந்தக் கணக்கினால் ஒரு விதிவிலக்கை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பாலியல் தொல்லைப் புகாரைச் சம்பவம் நடந்து மூன்று மாதம் வரை தரலாம். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பன்னிரண்டாம் நாளே அழியும் பதிவு அதற்கு உதவாது. எனவே சம்பவம் நடந்ததாக யாராவது வாய்மொழியாகச் சொன்னாலும், எழுத்துப் புகாருக்குக் காத்திராமல் அன்றைய பதிவைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும் என்று கொள்கையில் எழுதுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உங்களிடம் இருந்தாக வேண்டும். அந்தப் பதிவை அதன் உறுப்பினர்கள் மட்டும் பார்க்கட்டும். நீங்களோ மேற்பார்வையாளரோ முன்கூட்டிப் பார்க்க வேண்டாம். புகார் முதலாளி மீதே வந்தால் அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும்; அப்போது ரெக்கார்டரின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருப்பது யாருக்கும் நியாயமாகத் தோன்றாது. அதனால் உள்ளகக் குழுவின் தலைவரிடம் இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்றை உறையிலிட்டு முத்திரை வைத்துக் கொடுத்து, உறை திறக்கப்படும் நாளை அந்த நோட்டில் குறிக்க வேண்டும் என்றும் தாளில் சேருங்கள்.